சிப்பாயின் முந்நூறு காசும் தம்பியின் ஐந்து லட்சமும்

ரூபாய்க்குத் தேதி உண்டு – 17

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும்: இன்றைய ரூபாயையும் பத்து வருஷம் கழித்து வரும் ரூபாயையும் அப்படியே கூட்டக்கூடாது, பின்னதை இன்றைக்கு இழுத்து வந்துதான் கூட்ட வேண்டும். வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதா, அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடுவதா என்று இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். பார்ப்போம். அதற்கு முன் ஒரு சிப்பாயின் கதை இருக்கிறது. இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் அவன்தான்.

ஃபிபொனாச்சி என்றதும் முயல் ஜோடிகள் பெருகும் அந்த எண் வரிசை நினைவுக்கு வரும். பீசா நகரத்துக்காரர். அப்பாவுக்கு வட ஆப்பிரிக்கத் துறைமுகமான புகியாவில் வணிகர்கள் சார்பில் வேலை. பையன் அங்கேதான் இந்திய எண்களைக் கற்றுக்கொண்டார். 1202-ல் அவர் எழுதிய ‘லிபர் அபாசி’ என்ற தடித்த புத்தகத்தில் முயல் கணக்கு ஒரு மூலையில்தான் கிடக்கிறது. பெரும்பகுதி வியாபாரிகளுக்கானது: சரக்கு விலை, நாணய மாற்று, பங்காளிகளுக்குள் லாபம் பிரிப்பது, வட்டி. அதில் ஒரு கணக்கு இப்படிப் போகிறது. மன்னர் ஒருவர் தன் படைவீரனுக்கு ஆண்டுக்கு 300 பெசன்ட் மானியம் தருகிறார். பெசன்ட் என்பது அந்தக் காலத்துப் பொற்காசு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 75 காசாக நான்கு தவணையில் தருவது வழக்கம். பிறகு ஏற்பாடு மாறுகிறது: ஆண்டுக் கடைசியில் 300-ஐயும் மொத்தமாக வாங்கிக்கொள் என்கிறார்கள். வீரனால் கையில் கிடைக்கும் காசை மாதம் நூற்றுக்கு இரண்டு என்ற லாபத்துக்கு விடமுடியும். அப்படியானால் இந்த மாற்றத்தால் அவனுக்கு எவ்வளவு நஷ்டம்?

மாதம் நூற்றுக்கு இரண்டு! நம் ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்கிறோமே, அதேதான். எண்ணூறு வருஷத்துக்கு முன் மத்தியதரைக் கடலோரத்தில் ஓடிய வட்டியும் இன்று நம் தெருவில் கைமாற்றுக்கு ஓடும் வட்டியும் ஒரே அளவில் இருப்பதைப் பார்த்ததும் என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். பின்னால் வீட்டுக்கடனுக்கு இதே கணக்குத்தான்.

மாதம் இரண்டு என்றால் மூன்று மாதத்துக்கு ஆறு. இன்றைய 100 காசு மூன்று மாதத்தில் 106 ஆகும். அப்படியானால் மூன்று மாதம் கழித்து வரும் 75 காசுக்கு இன்றைய மதிப்பு என்ன? 75-ஐ 1.06-ஆல் வகுத்தால் 70.75. இரண்டாவது தவணையை இரண்டு முறை வகுக்க வேண்டும்: 66.75. மூன்றாவது 62.97. நான்காவது 59.41. கூட்டினால் 259.88. இதுதான் பழைய ஏற்பாட்டின் இன்றைய மதிப்பு. புதிய ஏற்பாட்டில் 300-ம் ஆண்டுக் கடைசியில் வருகிறது. அதை நான்கு முறை 1.06-ஆல் வகுத்தால் 237.63. வீரனுக்கு நஷ்டம் 22 காசுக்கும் கொஞ்சம் மேலே. அவன் கையில் வரும் காசின் எண்ணிக்கை இரண்டு ஏற்பாட்டிலும் 300தான். ஒரு காசுகூடக் குறையவில்லை. தேதி மட்டும் தள்ளிப்போனது. அதற்கான விலை 22 காசு.

நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஏலச்சீட்டு எடுக்கும்போது என் அத்தை ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எழுபத்தைந்தாயிரத்துக்குத் தள்ளி எடுத்து வருவார். “இருபத்தஞ்சாயிரம் போச்சே” என்று மாமா அங்கலாய்த்தால், “ஒன்றரை வருஷம் கழிச்சு வர்ற லட்சத்தை வச்சுக்கிட்டு இப்போ காலேஜ் ஃபீஸ் கட்ட முடியுமா?” என்பார். பிந்திய ரூபாயை இன்றைக்கு இழுத்தால் எவ்வளவு கழிப்பது என்று அவர் மனதுக்குள் ஒரு வீதம் வைத்திருந்தார். அந்த வீதம் சரியா என்று கேட்கலாம். கழிக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இனி தம்பியின் கதைக்கு வருகிறேன். என் சித்தப்பா மகன் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். ஐந்து வருஷத்துக்கு முன் 40 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினார், 20 வருஷத்துக்கு. கணக்கு எளிதாக இருக்க, வட்டி முழுக் காலத்துக்கும் 8.5 சதவீதம் என்றே வைத்துக்கொள்கிறேன். மாதத் தவணை 34,713 ரூபாய். இதுவரை 60 தவணை கட்டிவிட்டார். கிட்டத்தட்ட 20 லட்சத்து 83 ஆயிரம். கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது தெரியுமா? இன்னும் 35 லட்சத்து 25 ஆயிரம் பாக்கி. அசலில் குறைந்தது நாலே முக்கால் லட்சம்தான். இந்த எண்ணைப் பார்த்து வயிறெரியாத கடன்காரர் இல்லை.

பூர்வீக நிலத்தை விற்றதில் தம்பியின் பங்காக 5 லட்சம் வந்தது. வங்கிக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலை எனக்கு போன்.

“அண்ணே, அஞ்சு லட்சத்தை இப்பவே கட்டினா வட்டியில பத்தேகால் லட்சம் மிச்சமாம்! கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டிட்டாங்க. அஞ்சு போட்டா பத்து! யோசிக்கவே வேணாம்ல?”

“கட்டு, தப்பில்ல. ஆனா அந்தப் பத்தேகாலை மட்டும் யார்கிட்டயும் சொல்லாத.”

“ஏண்ணே?”

அந்த ‘ஏண்ணே’வுக்குப் பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

வங்கியின் எண் தப்பே இல்லை. நானும் போட்டுப் பார்த்தேன். 5 லட்சத்தைக் கட்டினால் பாக்கி 30 லட்சத்து 25 ஆயிரமாகிறது. தவணையை மாற்றாமல் அதே 34,713-ஐக் கட்டிக்கொண்டே போனால், பாக்கி 180 மாதத்துக்குப் பதில் 136 மாதத்தில் கடன் தீர்கிறது. 137-ஆவது மாதம் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் மட்டும் கட்டி முடிக்க வேண்டியிருக்கும். கடைசி 44 தவணை மிச்சம். கூட்டினால் 15 லட்சத்து 25 ஆயிரம். அதில் இப்போது கட்டிய 5 லட்சத்தைக் கழித்தால் பத்தேகால். கையால் போட்டுப் பார்க்க நேரமில்லாதவர்கள் எக்செலில் ஒரு வரி தட்டினால் மாதக் கணக்கு வந்துவிடும்:

```
=NPER(8.5%/12,-34713,3025098)
```

விடை 136.07 என்று வரும்.

இப்போது சிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி இன்றைக்கு 5 லட்சம் கொடுக்கிறார். பதிலுக்குக் கிடைப்பது என்ன? பதினொரு வருஷத்துக்கு மேல் எதுவுமே இல்லை. மாதாமாதம் அதே தவணைதான் போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு 44 மாதம், மாதம் 34,713 ரூபாய் அவர் பையிலேயே தங்கும். இந்த 44 தவணையும் 137-ஆவது மாதத்திலிருந்து 180-ஆவது மாதம் வரை சிதறிக் கிடக்கின்றன. வங்கியின் கணினி அவற்றையெல்லாம் தேதி பார்க்காமல் ஒரே குவியலாகக் கூட்டி, இன்றைய 5 லட்சத்தை அதிலிருந்து கழித்துவிட்டது. மன்னரின் கணக்கப்பிள்ளை “முந்நூறும் முந்நூறும் ஒன்றுதானே” என்று சொன்னதுபோலத்தான் இதுவும்.

ஒவ்வொன்றையும் இன்றைக்கு இழுத்து வருவோம். முதலில் கடனின் வட்டியான 8.5 சதவீதத்தையே கழிப்பதற்கும் எடுத்துக்கொள்கிறேன். 138-ஆவது மாதத்தின் 34,713 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 13,100. கடைசியான 180-ஆவது தவணைக்கு 9,744. முப்பத்து நான்காயிரம் ஒன்பதாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. 44-ஐயும் இப்படி இழுத்துக் கூட்டினால், அந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தையும் கழித்துவிட்டால், வருவது சரியாக 5 லட்சம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. கடன் பாக்கி என்று வங்கி சொல்லும் எண்ணே, இனி வரப்போகும் தவணைகளை கடன் வட்டியில் இன்றைக்கு இழுத்துக் கூட்டியதுதான். 180 தவணையின் இன்றைய மதிப்பு 35.25 லட்சம், அதனால்தான் பாக்கி 35.25 லட்சம். அதில் 5 லட்சத்தை எடுத்துக் கொடுத்தால், 5 லட்சம் மதிப்புள்ள தவணைகள் விலகிப் போகின்றன. தம்பி ஐந்து கொடுத்து ஐந்து வாங்கினார். பத்தேகால் லட்சம் என்பது அந்த ஐந்து லட்சம் பதினொன்றிலிருந்து பதினைந்து வருஷம் வரை 8.5 சதவீதத்தில் வளர்ந்து நிற்கும் தோற்றம். எந்தப் பணத்தையும் அத்தனை வருஷம் அந்த வட்டியில் விட்டால் அவ்வளவு வளரும்.

இதே குழப்பத்துக்கு இன்னொரு வேஷமும் உண்டு. முன்கூட்டிப் பணம் கட்டும்போது வங்கி ஒரு கேள்வி கேட்கும்: காலத்தைக் குறைக்கட்டுமா, தவணையைக் குறைக்கட்டுமா? காலத்தைக் குறைத்தால் மேலே பார்த்ததுபோல் பத்தேகால் லட்சம் ‘மிச்சம்’. தவணையைக் குறைத்தால் மாதம் 4,924 ரூபாய் குறையும். 180 மாதமும் கூட்டினால் 8 லட்சத்து 86 ஆயிரம். 5 லட்சத்தைக் கழித்தால் ‘மிச்சம்’ 3 லட்சத்து 86 ஆயிரம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், தவணையைக் குறைத்தவன் ஆறு லட்சத்துக்கு மேல் ஏமாந்தான் என்றே நினைப்பார். 8.5 சதவீதத்தில் இன்றைக்கு இழுத்துப் பாருங்கள்: இரண்டும் அதே 5 லட்சம். முதல் வழியில் பணம் பதினோரு வருஷம் உள்ளே கிடந்து பெரிதாகி வருகிறது. இரண்டாவது வழியில் அடுத்த மாதத்திலிருந்தே சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. திரும்பி வரும் 4,924-ஐ அதே கடனில் மாதாமாதம் திருப்பிப் போட்டால் இரண்டு வழியும் ஒரே நாளில் முடியும். அதைக் கடையிலும் ஹோட்டலிலும் செலவழித்தால் முடியாது. ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த 4,924 உங்கள் வீட்டில் எங்கே போகும் என்பதைப் பொறுத்தது. சேமிப்புப் பழக்கம் நிலையாக வராதவர்களுக்கு நான் காலத்தைக் குறைக்கச் சொல்வேன். வேலை எப்போது போகுமோ என்ற பயம் உள்ளவர்களுக்குத் தவணையைக் குறைக்கச் சொல்வேன்.

பதினைந்து வருஷம் கட்டிவிட்ட பிறகு முன்கூட்டி அடைப்பதில் பயனில்லை என்று ஒரு பேச்சு உண்டு. ‘வட்டியெல்லாம் முன்னாலேயே எடுத்துட்டாங்க’ என்பார்கள். அன்றைய பாக்கிக்கு அன்றைய வட்டி, அவ்வளவுதான். பாக்கி அதிகமாக இருந்ததால் ஆரம்பத்தில் வட்டி அதிகம். பதினாறாவது வருஷத்தில் கட்டும் ஒரு லட்சமும் அன்றிலிருந்து 8.5 சதவீதம்தான் ஈட்டும். ஈட்டும் ஆண்டுகள் குறைவு என்பதால் ‘மிச்சம்’ என்று காட்டப்படும் எண் சிறிதாகத் தெரிகிறது.

சரி, ஐந்து கொடுத்து ஐந்து வாங்குவதென்றால் எதற்குக் கட்ட வேண்டும்? இங்கேதான் கழிக்கும் வீதம் முக்கியமாகிறது. 8.5 என்பது வங்கியின் வீதம். தம்பியின் வீதம் எது? அந்த 5 லட்சத்தைக் கடனில் போடாவிட்டால் வேறு எங்கே போடுவார், வரி போக அங்கே என்ன கிடைக்கும் என்பதுதான் அவர் வீதம். சிப்பாய்க்கு மாதம் நூற்றுக்கு இரண்டு கிடைத்ததால் ஃபிபொனாச்சி இரண்டை எடுத்தார். அவனுக்குக் கிடைத்தது ஒன்றாக இருந்திருந்தால் நஷ்டமும் 22 காசைவிடக் குறைந்திருக்கும்.

தம்பியிடம் கேட்டேன். “கட்டலைன்னா என்ன பண்ணுவ?” “எஃப்.டி.லதான் போடுவேன், வேற என்ன தெரியும் எனக்கு?” சரி, எஃப்.டி. வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் 20 சதவீத வரி அடுக்கில் இருக்கிறார், மேல்வரியோடு 20.8. எஃப்.டி. வட்டி முழுக்க வருமானத்தில் சேரும் என்பதால் வரி போகக் கையில் நிற்பது ஐந்தரை. இப்போது அதே 44 தவணையை ஐந்தரை சதவீதத்தில் இன்றைக்கு இழுங்கள்:

```
=PV(5.5%/12,180,-34713)-PV(5.5%/12,136,-34713)
```

180 தவணையின் மதிப்பிலிருந்து முதல் 136-இன் மதிப்பைக் கழித்தால் கடைசி 44-இன் மதிப்பு. 7 லட்சத்து 41 ஆயிரம் வரும். 137-ஆவது மாதத்தின் அந்தச் சில்லறையைக் கழித்தால் 7 லட்சத்து 40 ஆயிரம்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடரில் நான் அதிகம் மதிக்கும் கணக்கு இதுதான். பதினொரு வருஷம் கழித்து வரும் அந்த 44 தவணையைக் கட்டும் பொறுப்பை எஃப்.டி.யிடம் ஒப்படைக்க நினைத்தால், இன்றைக்கு அதில் 7 லட்சத்து 40 ஆயிரம் போட வேண்டும். அதே பொறுப்பை வங்கி 5 லட்சத்துக்கே தள்ளுபடி செய்துவிடுகிறது. வித்தியாசம் 2 லட்சத்து 40 ஆயிரம். இது இன்றைய ரூபாய். தம்பியின் உண்மையான லாபம் இதுதான். பத்தேகால் லட்சத்தில் கால் பங்குக்கும் குறைவு. ஆனாலும் நல்ல லாபம், உறுதியான லாபம்.

பி.பி.எஃப். பக்கம் பார்த்தால் இன்னும் நெருக்கம். 2020 ஏப்ரலிலிருந்து அதன் வட்டி 7.1 சதவீதத்தில் நிற்கிறது, வரி கிடையாது. வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது என்பதால் 5 லட்சமும் ஒரே நாளில் போகாது. போகும் என்றே வைத்துக் கணக்குப் போட்டால் 44 தவணையின் மதிப்பு 6 லட்சத்து 18 ஆயிரம். அப்போதும் கடனை அடைப்பதே 1 லட்சத்து 18 ஆயிரம் முன்னால் நிற்கிறது. இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 2021-ல் வீட்டுக்கடன் 7 சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. பி.பி.எஃப். அப்போதும் 7.1தான். அந்த நாட்களில் கடனை அவசரமாக அடைத்தவர்கள் பி.பி.எஃப்.பில் இடம் வைத்துக்கொண்டே குறைந்த வட்டிக்குப் பணத்தைக் கொடுத்தார்கள். 2022 மேயில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆனது. அதே கடன்கள் ஒன்பதைத் தொட்டன. விடை மாறியது. கடன் வட்டி மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. 44 தவணை என்பதும் வட்டி 8.5-இல் நின்றால்தான். குறைந்தால் உங்கள் 5 லட்சமும் அன்றிலிருந்து அந்தக் குறைந்த வட்டிதான் ஈட்டும்.

‘வட்டிக்கு வரி விலக்கு இருக்கே, அதை ஏன் விடணும்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பி புதிய வரி முறையில் இருக்கிறார். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அங்கே விலக்கே இல்லை; பேச்சு முடிந்தது. பழைய முறையில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. ஆனால் தம்பியின் ஆறாவது வருஷ வட்டி கிட்டத்தட்ட 2 லட்சத்து 95 ஆயிரம். 5 லட்சம் கட்டிய பிறகும் இரண்டரை லட்சம் வரும். இரண்டு எண்ணும் 2 லட்சத்துக்கு மேலே நிற்கின்றன. அப்படியானால் கட்டியதால் மிச்சமாகும் வட்டி முழுக்க, விலக்கே கிடைக்காத மேல் பகுதியிலிருந்துதான் போகிறது. பழைய முறையில் இருந்தாலும் முதல் சில வருஷம் அவருக்கு ஒரு பைசா வரிச் சலுகை குறையாது. வருஷ வட்டி 2 லட்சத்தைத் தொடும் இடத்தில், அதாவது பாக்கி 23, 24 லட்சத்துக்கு இறங்கும்போதுதான் அந்தக் கேள்வி உயிர் பெறும். அப்போது கடனின் உண்மையான வீதம் எட்டரையிலிருந்து ஆறேமுக்காலுக்கு அருகில் இறங்கிவிடும், 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு.

கணக்குக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. கடனில் போட்ட பணம் திரும்பி வராது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் வங்கியிடம் போய் அந்த 5 லட்சத்தைக் கேட்க முடியாது. புதிதாகக் கடன் கேட்க வேண்டும், வேலை இல்லாத நேரத்தில் அதுவும் கிடைக்காது. தம்பியிடம் தனியாக 3 லட்சம் எஃப்.டி.யில் கிடக்கிறது; எட்டு மாதத் தவணைக்குத் தாங்கும். அது இல்லாமலிருந்தால் ஐந்தையும் கட்டச் சொல்லியிருக்க மாட்டேன். ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டால் அதற்கு வட்டி ஓடாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வட்டி வீதம் சாதாரணக் கடனைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதென்று முடிவெடுத்தவர்கள் பணத்தைக் கொடுத்த அன்றே வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அதனால் செலவுக் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்று: கட்டிய பணம் அசலில் கழிந்ததா, வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக ஒதுக்கி வைக்கப்பட்டதா? இரண்டாவது நடந்தால் உங்கள் 5 லட்சம் வட்டியைக் குறைக்காமல் சும்மா கிடக்கும். கண்டுபிடிக்க ஒரே ஒரு எண் போதும். அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் தவணையின் வட்டிப் பகுதியைப் பாருங்கள். தம்பிக்கு அது கிட்டத்தட்ட 24,970-ஆக இருந்தது. 5 லட்சம் அசலில் இறங்கியிருந்தால் 21,430 பக்கம் வர வேண்டும். அதாவது கட்டிய பணத்தின் ஒரு மாத வட்டி, 3,542 ரூபாய், உடனே குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் மறுநாளே எழுத்தில் கேளுங்கள். காலத்தைக் குறைக்கவா தவணையைக் குறைக்கவா என்பதையும் வாயால் சொல்லாமல் கடிதத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிப்பாய்க்கு இத்தனை இடம் கொடுத்ததில் மியூச்சுவல் ஃபண்ட் அடுத்த வாரத்துக்குப் போகிறது. முன்னோட்டமாக ஒரே ஒரு எண் தருகிறேன். அதே 44 தவணையை 12 சதவீதத்தில் இழுத்தால் இன்றைய மதிப்பு 3 லட்சத்து 17 ஆயிரம்தான். அதைக் காட்டி, “பாத்தீங்களா, ஐந்து கொடுத்து மூணு வாங்குறீங்க, ஃபண்டில் போடுங்க” என்று முகவர் சொல்வார். அந்தக் கணக்கில் எனக்குச் சம்மதம் இல்லை. மிச்சமாகும் தவணை நிச்சயம் மிச்சமாகும். ஃபண்டின் பன்னிரண்டு வரலாம், வராமலும் போகலாம். நிச்சயமான பணத்தை நிச்சயமில்லாத வீதத்தில் கழிப்பதற்கு முன், அந்தப் பன்னிரண்டிலிருந்து பயத்துக்கு எவ்வளவு குறைப்பது, ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கான பன்னிரண்டரை சதவீத வரிக்கு எவ்வளவு குறைப்பது என்று பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் கடன் ஸ்டேட்மெண்ட் கையில் இருந்தால் நல்லது. பாக்கித் தொகை, மீதி மாதங்கள், இன்றைய வட்டி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

(தொடரும்)